கம்பெனி செலவை இயக்குநர் தன் பணத்தில் கட்டினால்: ‘இயக்குநர் கடன்’ என்ற கணக்கு எப்படி ஓடுகிறது, எங்கே கவிழ்கிறது

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்தை நம்பி ஓடும் டவுன்களில் இப்போது பழைய கங்காணி, தண்டல் வேலையெல்லாம் ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்று பதிவு செய்த சின்னக் கம்பெனிகளின் கைக்கு வந்துவிட்டது. புல் மருந்து அடிப்பது, உரம் போடுவது, குலை ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோவது எல்லாமே ஒப்பந்தம்தான். தோட்டத்து ஆபீஸ் பில்லுக்குக் காசு தர 45 நாளோ 60 நாளோ ஆகும். ஆளுக்குச் சம்பளம் மாசக் கடைசியில் கொடுத்தாக வேண்டும், லோரி டீசல் இல்லாமல் ஓடாது. ஆக முதலாளி தன் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து கட்டுகிறார். ஆண்டுக் கடைசியில் அக்கவுண்டன் நீட்டும் தாளில் பார்த்தால் Amount Due to Director என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு பெரிய தொகை. ‘நான்தானே முதலாளி, என் கம்பெனி எனக்கே எப்படிக் கடன்பட்டது?’ என்ற குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

## முதலில் அடிப்படை: நீங்கள் வேறு, கம்பெனி வேறு

செண்டிரியான் பெர்ஹாட் சட்டப்படி தனி ஆள். அதற்குத் தனி வரி எண், தனி வங்கிக் கணக்கு, தனிக் கடன். பங்கு முழுவதும் உங்கள் பெயரில் இருந்தாலும் அதன் பணம் உங்கள் பணம் இல்லை, உங்கள் பணமும் அதன் பணம் இல்லை. உங்கள் பெயரில் மட்டும் பதிந்த தனியாள் வியாபாரத்துக்கு இந்தப் பேச்சே கிடையாது. அங்கே இரண்டும் ஒரே பைதான்.

ஆகவே கம்பெனி கட்ட வேண்டிய டீசல் பில்லை நீங்கள் கட்டும்போது ஒரே நேரத்தில் இரண்டு காரியம் நடக்கிறது. கம்பெனிக்கு ஒரு செலவு ஏறுகிறது, அதே தொகைக்குக் கம்பெனி உங்களுக்குக் கடன்படுகிறது. கணக்குப் புத்தகத்தில் டீசல் செலவு டெபிட், இயக்குநர் கணக்கு கிரெடிட். கம்பெனியின் வங்கிக் கணக்கில் ஒரு சென்கூட அசையாததால் வங்கி ஸ்டேட்மென்டை மட்டும் வைத்துக் கணக்கு எழுதுகிறவர் கண்ணில் இது படவே படாது, நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

இந்தப் பணத்தை என்னவென்று எழுதக்கூடாது என்பதும் முக்கியம்.

1. இது விற்பனை இல்லை. நீங்கள் கம்பெனிக் கணக்கில் 5,000 ரிங்கிட் போட்டதை ‘சேல்ஸ்’ என்று பதிந்துவிட்டால் உங்கள் சொந்தப் பணத்துக்கே கம்பெனி வரி கட்டும். அவசரத்தில் எழுதும் கணக்கில் இது சாதாரணமாக நடக்கிறது.
2. இது பங்கு மூலதனமும் இல்லை. மூலதனமாகப் போட்டதை நினைத்த நேரத்தில் திரும்ப எடுக்க முடியாது. கடனாகப் போட்டதை எடுக்கலாம்.
3. திரும்பி வரும்போது இது உங்களுக்குச் சம்பளம் இல்லை. கொடுத்த கடன் திரும்புகிறது, அவ்வளவுதான். அசலுக்கு வருமான வரி கிடையாது.

இந்த மூன்றாவது விஷயத்துக்காகத்தான் இதை ஒழுங்காகப் பதிய வேண்டும் என்று கணக்குக்காரர்கள் தலையால் அடித்துக்கொள்கிறார்கள்.

## ஒரு ஆண்டு எப்படி ஓடியது

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். மருந்து அடிக்கும் ஒப்பந்தம், ஒரு லோரி, எட்டு ஆள். ஜனவரியில் தொடங்கியது. கம்பெனிக் கணக்கில் பங்குப் பணம் 100 ரிங்கிட்தான் இருக்கிறது.

ஜனவரியில் முதலாளி தன் கணக்கிலிருந்து கட்டியது: ஆட்களின் சம்பளம் 14,400, டீசல் 2,150, முதுகில் மாட்டும் மருந்துப் பம்பு ஆறு, ஒன்று 380 வீதம் 2,280, லோரிக்கு இரண்டு டயர் 1,240. மொத்தம் 20,070 ரிங்கிட். பிப்ரவரியில் சம்பளம் மறுபடி 14,400, டீசல் 1,930. ஆக பிப்ரவரி முடிவில் கம்பெனி அவருக்குத் தர வேண்டியது 36,400.

மார்ச்சில் தோட்டத்திலிருந்து முதல் பில் காசு 31,500 வந்தது. அதில் 10,000 ரிங்கிட்டை அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், மீதி மார்ச் சம்பளத்துக்கும் மற்றச் செலவுக்கும் போனது. பாக்கி 26,400.

ஏப்ரலிலிருந்து வேலை சீராகிவிட்டது, கம்பெனிக் கணக்கே செலவைத் தாங்குகிறது. அவர் மாதம் 3,000 ரிங்கிட் வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்கிறார். சம்பளம் என்று எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. நவம்பர் வரை எட்டு மாதம், 24,000. பாக்கி 2,400.

இதுவரை அவர் எடுத்த 34,000 ரிங்கிட்டில் ஒரு சென்னுக்கும் அவர் வரி கட்ட வேண்டியதில்லை. அது முன்பு அவர் பையிலிருந்து போன பணம்தான். இந்தக் கணக்கை எழுதாமலே விட்டிருந்தால் என்ன ஆகும்? 36,400 ரிங்கிட் செலவு கம்பெனிக் கணக்கில் ஏறியிருக்காது, லாபம் அந்த அளவுக்கு ஊதித் தெரியும். சின்ன நடுத்தரக் கம்பெனிக்கு முதல் 150,000 ரிங்கிட் வருமானத்துக்கு வரி 15 விழுக்காடு, அந்தக் கணக்கில் 5,460 ரிங்கிட் சும்மா போயிருக்கும். அதோடு அவர் மாதாமாதம் எடுத்ததற்கு என்ன பெயர் வைப்பது என்றும் தெரியாமல் போயிருக்கும்.

(பம்பு வாங்கியது மட்டும் நேரடிச் செலவு இல்லை, சொத்து. ஆனால் ஒன்று 2,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாத சின்னச் சொத்து என்பதால் அதே ஆண்டில் முழுத் தொகையையும் மூலதனக் கழிவாகக் கேட்கலாம். கடைசியில் ஒன்றுதான்.)

## டிசம்பரில் கவிழ்ந்த கதை

டிசம்பரில் வீட்டு முன்பணத்துக்கு அவசரம். கம்பெனிக் கணக்கில் காசு இருந்தது, 20,000 எடுத்தார். பாக்கி இருந்ததோ 2,400. அடுத்த வாரம் கணக்கு எழுதும் பையன் போன் போட்டான்: “அண்ணே, உங்க பேருக்கு 17,600 மைனஸ்ல நிக்குது.” “அது எப்படிப்பா, நான்தானே கம்பெனிக்குக் கொடுத்தேன்?” “கொடுத்தது எல்லாம் திரும்பி வந்திருச்சுண்ணே. இப்போ நீங்கதான் கம்பெனிக்குத் தரணும்.”

கணக்கு அதேதான், திசை மட்டும் மாறிவிட்டது. அதுவரை கம்பெனி கடன்காரன், இப்போது இயக்குநர் கடன்காரர். இந்தத் திருப்பத்தில் சட்டமும் வேறாகிவிடுகிறது.

நிறுவனச் சட்டம் 2016, பிரிவு 224, கம்பெனி தன் இயக்குநருக்குக் கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. விதிவிலக்குப் பெற்ற தனியார் கம்பெனிக்கு, அதாவது பங்குதாரர் 20 பேருக்கு மேல் போகாமல், எந்தக் கம்பெனியும் அதில் பங்கு வைத்திராமல், எல்லாரும் தனி ஆட்களாக இருக்கும் கம்பெனிக்கு, இந்தத் தடை இல்லை. நம் ஊர் குடும்பக் கம்பெனிகள் பெரும்பாலும் இந்த வகைதான். ஆகவே இவர் சட்டத்தை மீறிவிட்டார் என்று சொல்ல முடியாது.

ஆனால் வருமான வரிச் சட்டம் 1967 இதை அப்படியே விடுவதில்லை. பிரிவு 140B, 2014 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடப்பில் இருக்கிறது. கம்பெனி வெளியே கடன் வாங்காத தன் சொந்தப் பணத்திலிருந்து இயக்குநருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தால், வட்டி வாங்கியதாகவே வைத்துக் கம்பெனிக்கு வரி போடும். கணக்கு மாதாமாதம்:

```
1/12 × A × B
```

A என்பது அந்த மாதக் கடைசியில் இயக்குநர் தர வேண்டிய பாக்கி. B என்பது பேங்க் நெகாரா வெளியிடும் வணிக வங்கிகளின் சராசரிக் கடன் வட்டி விகிதம். அதை 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 17,600-க்கு ஒரு மாத வட்டி 73 ரிங்கிட் 33 சென். வராத வட்டிக்கு வரி, என்றாலும் தொகை சின்னதுதான்.

பெரிய தலைவலி வேறு. மாதாமாதம் எடுக்கிறார், திருப்பிக் கட்டுகிற அறிகுறி இல்லை, மைனஸ் ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது என்றால் வரி அதிகாரி ‘இது கடனா, சம்பளமா?’ என்று கேட்பார். சம்பளம் என்று முடிவானால் மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்க வேண்டிய பிசிபி வரி, இபிஎஃப் எல்லாம் பின்னோக்கி வந்து நிற்கும்.

இதைச் சரி செய்ய நேர்மையான வழி மூன்று இருக்கிறது. பணத்தைத் திருப்பிப் போடலாம். அல்லது அந்தத் தொகைக்கு இயக்குநர் கட்டணமோ போனசோ முறையாக அறிவித்து, அதற்கான வரியைக் கட்டி, மைனஸில் கழிக்கலாம். லாபம் இருந்தால் லாப ஈவு அறிவித்தும் கழிக்கலாம், ஆனால் லாப ஈவு பங்கின் அளவுப்படி எல்லாப் பங்குதாரருக்கும் போகும் என்பதை மறக்கக்கூடாது. நாலாவதாக ஒரு வழியைச் சிலர் காதில் ஓதுவார்கள்: பழைய தேதியில் நாலைந்து பில் தயார் செய்து, ‘இதையும் இயக்குநர்தான் கட்டினார்’ என்று ஏற்றிவிடுவது. இது பொய்க்கணக்கு. மாட்டினால் 17,600-ஐப் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டார்கள், மொத்தப் புத்தகமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

## ரசீதுதான் கடனுக்கு உயிர்

பெட்ரோல் ஸ்டேஷன் ரசீதை ஒரு நிமிஷம் கையில் எடுத்துப் பாருங்கள். வழுவழுப்பான தாள், தேதி, லிட்டர், தொகை. லோரி டேஷ்போர்டில் வெயிலில் கிடந்தால் சில மாதத்தில் வெறும் வெள்ளைத் தாள். கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று வரிச் சட்டமும் சொல்கிறது, நிறுவனச் சட்டமும் சொல்கிறது. ஆகவே வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள், ரசீதின் பின்னால் லோரி நம்பரையும் எந்தத் தோட்டத்து வேலை என்பதையும் பேனாவால் எழுதுங்கள். டீசல் லோரிக்குப் போனதா, மாமியாரைக் கூட்டிக்கொண்டு பினாங்குக்குப் போன வண்டிக்குப் போனதா என்பதை அந்த ஒரு வரிதான் பிரித்துக் காட்டும். சொந்தச் செலவைக் கம்பெனி வரியில் கழிக்க முடியாது, அதற்காகக் கம்பெனி உங்களுக்குக் கடன்படவும் செய்யாது.

யார் பணம் கட்டினார்கள் என்பது வரிக் கழிவுக்குக் குறுக்கே நிற்காது. செலவு கம்பெனியின் தொழிலுக்காகவே ஆனதா என்பதுதான் கேள்வி. அதனால் பில் கம்பெனி பெயரில் இருப்பது நல்லது. டயர் கடைக்காரர் இ-இன்வாய்ஸ் கொடுப்பவராக இருந்தால் கம்பெனி பெயரையும் வரி எண்ணையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்புறம் மாற்றிக் கேட்டால் அவருக்கும் தொல்லை உங்களுக்கும் தொல்லை.

ஆள் சம்பளத்தில் இன்னும் கவனம் வேண்டும். உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குப் போனாலும் முதலாளி கம்பெனிதான். சம்பளச் சீட்டு கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். இபிஎஃப் அடுத்த மாதம் 15-க்குள் கம்பெனியின் முதலாளி எண்ணில் கட்டியிருக்க வேண்டும். சம்பளம் 14,400 என்று கணக்கு சொல்கிறது, இபிஎஃப் பட்டியலில் பாதிப் பேர்தான் இருக்கிறார்கள் என்றால், கடன் கணக்கைப் பார்க்க வந்தவர் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்.

இதெல்லாம் பெரிய வேலையாகத் தெரிந்தால் சுலபமான வழி ஒன்று உண்டு, என் கணக்கில் அதுதான் நல்ல வழியும். கடைக்காரருக்கு நீங்கள் நேரடியாகக் கட்டாதீர்கள். மாத ஆரம்பத்தில் 15,000 ரிங்கிட்டை உங்கள் கணக்கிலிருந்து கம்பெனிக் கணக்குக்கு மாற்றுங்கள், குறிப்பில் Director advance என்று போடுங்கள். அப்புறம் எல்லாச் செலவையும் கம்பெனியே கட்டட்டும். முப்பது பதிவுக்குப் பதில் ஒரே பதிவு, இரண்டு பக்கத்து வங்கி ஸ்டேட்மென்டும் சாட்சி. திருப்பி எடுக்கும்போது Repay director என்று குறிப்புப் போட்டால் அது சம்பளம் இல்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

நேரடியாகக் கட்டியதுதான் நிலைமை என்றால் ஆண்டுக் கடைசி வரை ரசீதைப் பையில் கட்டி வைக்காதீர்கள். நடந்த 60 நாளுக்குள் கணக்கில் ஏற்ற வேண்டும் என்பது நிறுவனச் சட்டத்தின் கணக்கு. மைலோ பேக்கட்டில் ரசீதைத் திணித்துப் பிப்ரவரியில் அக்கவுண்டன் மேசையில் கொட்டுகிற வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

## ‘இந்தப் பணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?’

இதுதான் ஆள் எதிர்பார்க்காத கேள்வி. கம்பெனி வருமான வரி அறிக்கையில் இயக்குநரிடம் பெற்ற கடனுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. அதனால் தொகை வரி வாரியத்தின் கண்ணில் நேராகவே விழுகிறது. உங்கள் சொந்த அறிக்கையில் ஆண்டு வருமானம் 30,000 என்று காட்டிவிட்டு, அதே ஆண்டில் கம்பெனிக்கு 80,000 கடன் கொடுத்திருந்தால், மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்பது இயல்பு.

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. சில பேர் தோட்டத்துக்கு வெளியே செய்த சில்லறை வேலைக்குக் காசைத் தன் சொந்தக் கணக்கில் வாங்கிக்கொள்கிறார்கள், அதை விற்பனையாகக் காட்டுவதில்லை. பிறகு அதே காசைக் கம்பெனிக்குள் ‘இயக்குநர் கடன்’ என்று கொண்டுவருகிறார்கள். வரி கட்டாத விற்பனை உள்ளே வரும்போது கடனாகிவிடுகிறது, வெளியே போகும்போது வரியில்லாமல் திருப்பிக் கொடுத்த கடனாகிவிடுகிறது. இது ஏய்ப்பு. வழக்கமான மதிப்பீட்டுக்கு உள்ள 5 ஆண்டு வரம்பு மோசடி என்று வந்தால் பொருந்தாது.

நேர்மையான பணத்துக்குப் பதில் சுலபம். நகை அடகு வைத்திருந்தால் அடகுக்கடைச் சீட்டு, இபிஎஃப் எடுத்திருந்தால் அதன் கடிதம், நிலம் விற்றிருந்தால் ஒப்பந்தம், பழைய சேமிப்பு என்றால் சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மென்ட். கஷ்டம் சீட்டுப் பணத்துக்குத்தான். அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் சேர்ந்து கட்டிய சீட்டுக்கு எழுத்து ஏது? அப்படிப் பணம் என்றால் முதலில் உங்கள் வங்கிக் கணக்கில் போட்டு அங்கிருந்து மாற்றினால் தேதியாவது நிற்கும், மூலத்தை நிரூபித்ததாகிவிடாது என்றாலும்.

நகை அடகு என்றதும் இன்னொன்று. அடகுக்கடை வட்டி உங்கள் சொந்தச் செலவு, கம்பெனி தானாக அதை ஏற்காது. கம்பெனி உங்களுக்கு வட்டி தருவதென்றால் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அது கம்பெனிக்குச் செலவு, உங்கள் கையில் வரி கட்ட வேண்டிய வருமானம். சின்னத் தொகைக்கு இந்தச் சுற்று தேவையில்லை என்பதால் பெரும்பாலானவர்கள் வட்டியில்லாமலே விட்டுவிடுகிறார்கள், அதில் தப்பில்லை.

## கடன் வளர்ந்துகொண்டே போனால்

கேட்டவுடன் தர வேண்டிய கடன் என்பதால் கணக்கறிக்கையில் இது நடப்புக் கடன் வரிசையில் உட்காரும். லோரிக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், அங்கே ‘இந்தக் கம்பெனிக்கு ஏற்கெனவே 150,000 கடன் இருக்கிறதே’ என்பார்கள். தங்கள் கடன் அடையும்வரை இயக்குநர் தன் பணத்தைக் கேட்கமாட்டேன் என்று கையெழுத்தும் கேட்கலாம். கம்பெனி நஷ்டத்தில் இருந்தால் அடுத்த 12 மாதத்துக்குத் திருப்பிக் கேட்கமாட்டேன் என்ற கடிதத்தை ஆடிட்டரும் கேட்பார். கையெழுத்துப் போட்ட பிறகு வழக்கம்போல மாதம் 3,000 எடுத்தால் அந்தக் கடிதம் உங்களையே கேள்வி கேட்கும்.

திரும்ப வராது என்று தெரிந்துவிட்ட கடனைப் பங்காக மாற்றலாம். தீர்மானம் போட்டு, பங்கு ஒதுக்கி, 14 நாளுக்குள் கம்பெனிகளைப் பதியும் எஸ்எஸ்எம்முக்கு அறிவிக்க வேண்டும். கம்பெனி அறிக்கை பார்க்க நன்றாக ஆகிவிடும், ஆனால் அந்தப் பணத்தை மாதம் 3,000 என்று எடுக்கும் வழி அத்தோடு மூடிவிடும்.

கம்பெனி மூழ்கினால் நீங்களும் ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்களில் ஒருவர்தான். அடமானம் வைத்திருக்கும் வங்கி, ஆட்களின் சம்பளப் பாக்கி இதெல்லாம் போன பிறகு மிஞ்சினால்தான் உங்கள் முறை.

## இரண்டு இயக்குநர் என்றால் இரண்டு கணக்கு

மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து நடத்தும் கம்பெனிகளில் ‘இயக்குநர்கள்’ என்று ஒரே கணக்கில் இருவர் பணத்தையும் போட்டுவிடுகிறார்கள். மச்சான் 40,000 போட்டார், மாப்பிள்ளை 15,000 எடுத்தார் என்றால் அந்தக் கணக்கு 25,000 கிரெடிட் என்று அமைதியாக நிற்கும். உண்மையில் கம்பெனி மச்சானுக்கு 40,000 தர வேண்டும், மாப்பிள்ளை கம்பெனிக்கு 15,000 தர வேண்டும், அந்த 15,000-க்குப் பிரிவு 140B வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றோடொன்று கழித்துக் காட்டியதால் வரி அதிகாரிக்கும் தெரியவில்லை, மச்சானுக்கும் தெரியவில்லை.

மச்சான் நாளை கண்ணை மூடினால் அந்த 40,000 அவர் வாரிசுகளுக்குச் சேர வேண்டிய சொத்து. அவர் மனைவி வந்து கேட்கும்போது புத்தகத்தில் இருப்பது யாருடையது என்று பெயரில்லாத ஒரு 25,000. ஆளுக்கொரு கணக்குத் தலைப்பு, ஆண்டுக்கு ஒருமுறை ‘இந்தத் தேதியில் கம்பெனி எனக்கு இவ்வளவு தர வேண்டும்’ என்று இருவரும் தனித்தனியே கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள், இந்த இரண்டும் இருந்தால் அந்த அம்மாவுக்கு யாரிடமும் வழக்காட வேண்டியிருக்காது.